இருவர் தறி: ஒருவரிக் கதையும் கதைச்சுருக்கமும்

குறும்படம், 15 நிமிடம். களம்: பவானி. வசனம்: கொங்குத் தமிழ்.

ஒருவரிக் கதை

பொதுத்தடத் தகராறில் ஆறு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும், தாயின் அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய முன்பணத்தை அடைப்பதற்காக, இருவர் உட்கார்ந்தால்தான் ஓடும் அகலத் தறியில் பத்து நாள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே ஜமக்காளத்தை நெய்ய நேர்கிறது.

கதைச்சுருக்கம்

ராமசாமிக்கு அறுபது வயது, குழித்தறியை விடாதவர். தம்பி குமாரசாமி தறியை விட்டுச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பாகப்பிரிவினைக்குப் பின் பொதுத்தடத்தில் தம்பி எழுப்பிய சுவர், எட்டடித் தடத்தை நாலடியாக்கிவிட்டது. பேச்சும் அன்றே நின்றது. தாய் நாச்சம்மாள் இடுப்பெலும்பு முறிந்து முன்கட்டில் படுத்திருக்கிறார்.

சிகிச்சைக்கு முன்பணம் தந்த வியாபாரி, எட்டடி அகல ஜமக்காளம் ஒன்றைப் பத்து நாளில் கேட்கிறார். ராமசாமியோடு நெய்துவந்த பையன் பெருந்துறையில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால், கைவசம் தறி தெரிந்த ஆள் தம்பி ஒருவர்தான். அழைப்பது தாய், மகன்கள் அல்ல.

முதல் ஐந்து நாளுக்கு வசனமே இல்லை. குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து ஓடும் நாடாவை அண்ணன் எறிய, தம்பி பிடித்துத் திருப்பி எறிய, மிதியும் அச்சும் மாறி மாறி ஒலிக்கின்றன. கட்டிலில் கிடக்கும் நாச்சம்மாள், சத்தத்தை வைத்தே யார் கை தளர்கிறது என்று கண்டுகொள்கிறார். (இந்தப் பகுதியில் இசை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.)

ஆறாம் நாள், தம்பி சர்வேயருக்கு மனுக் கொடுத்த செய்தி அண்ணன் காதுக்கு வருகிறது. அவர் வேகமாக எறிந்த நாடா தம்பியின் விரலைக் கிழிக்கிறது. தம்பி எழுந்து போகவில்லை; விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அதே வேகத்தில் திருப்பி எறிகிறார். அன்று நெய்த ஒரு சாண் சிவப்புப் பட்டையில் ஊடை மிக நெருங்கி இறுகிவிடுகிறது.

பத்தாம் நாள் வியாபாரி வெயிலில் விரித்துப் பார்த்து அந்தப் பட்டையைக் காட்டுகிறார். "அது என்ற கைங்க" என்கிறார் ராமசாமி. "ரெண்டு கையுந்தானுங்க" என்கிறார் குமாரசாமி. இருவரும் ஒரே பேச்சில் கலந்துகொள்ளும் முதல் இடம் இதுவே. வியாபாரி சரக்கை எடுக்க மறுக்கிறார். கடன் அப்படியே நிற்கிறது.

மாலையில் தாயை வெயிலில் உட்கார வைக்கப் பொதுத்தடத்தில் ஜமக்காளத்தை விரிக்கிறார்கள். நாலடித் தடத்தில் அது அடங்காமல், மீதிப் பாதி சுவர்மேல் ஏறி நிற்கிறது. நாச்சம்மாள் அந்தச் சிவப்புப் பட்டையைத் தடவிப் பார்க்கிறார். சுவர் இடிபடுவதில்லை. இருட்டில் தறிச் சத்தம் கேட்கிறது. "அண்ணா, மெல்ல உடுங்க" என்ற தம்பியின் குரலோடு திரை இருள்கிறது.