தொரப்பள்ளி இருவயல் மக்களுக்கு வெள்ள அறிவிப்பு

மாலை 4.30 மணி

கூடலூர் வட்டாட்சியர் அலுவலகத்தின் அறிவிப்பு இது. இருவயலில் ஓடைக்கரையிலும் வயலோரத்திலும் குடியிருப்பவர்கள் அனைவரும் மாலை 6 மணிக்குள் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, தொரப்பள்ளி அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு வந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஓடைத் தண்ணீர் இப்போது வயல் வரப்பைத் தாண்டி முதல் வரிசை வீடுகளின் வாசற்படியைத் தொட்டிருக்கிறது. மேலே மழை விடாததால் இரவில் இன்னும் ஏறும். இருட்டுவதற்கு முன் நேரம் இருக்கிறது, பதற்றப்பட வேண்டாம்.

அங்கன்வாடிக்கு மேலே மேட்டில் உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் வீட்டின் பின்புற மண்திட்டு சரிந்தாலோ, சுவரில் புதிதாக விரிசல் விட்டாலோ, எதையும் எடுக்க நிற்காமல் வெளியேறிப் பள்ளிக்கு வந்துவிடுங்கள்.

புறப்படும்போது மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள். சுவிட்ச் பலகை நனைந்திருந்தால் தொட வேண்டாம். ரேஷன் அட்டை, ஆதார், தினமும் சாப்பிடும் மாத்திரை, குழந்தைக்கு மாற்றுத்துணி, டார்ச் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டால் போதும். கம்பளியும் சாப்பாடும் பள்ளியில் உண்டு. ஆடு மாடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு வராமல், அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள்.

தார்ச்சாலை வழியாக மட்டுமே வாருங்கள். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் மண் சரிந்துள்ளது, யானை நடமாட்டமும் இருக்கிறது. ஓடைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுவதால் நடந்தோ வண்டியிலோ அதைக் கடக்கக் கூடாது. முழங்கால் அளவே தெரிந்தாலும் ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். பாலத்துக்கு அப்பால் இருப்பவர்கள் அங்கேயே மேட்டில் நின்று 1077-ஐ அழையுங்கள், தீயணைப்பு வீரர்கள் கயிறுடன் வருவார்கள். நடக்க முடியாத பெரியவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிவர அங்கன்வாடி வாசலில் இரண்டு ஜீப்புகள் நிற்கின்றன. உடல்நலக் குறைவுக்கு 108-ஐ அழையுங்கள்.

அணை உடைந்ததாக வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி உண்மையல்ல. எந்த அணையும் உடையவில்லை. அடுத்த அறிவிப்பு மாலை 7 மணிக்கு இதே ஒலிபெருக்கியில் வரும்.

மாலை 7 மணி

கரையோர வீடுகளில் இருந்தவர்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். சொன்னவுடன் கிளம்பியதோடு, பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும் கைப்பிடித்து அழைத்து வந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. கடந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மேலும் ஏறவில்லை. ஆனாலும் மழை தொடர்வதால், மாட்டைப் பார்க்கவோ பொருள் எடுக்கவோ இன்றிரவு யாரும் திரும்பிப் போக வேண்டாம். உங்கள் வீட்டாரோ அக்கம்பக்கத்தாரோ எவரேனும் இன்னும் வந்து சேரவில்லை என்றால், பள்ளி வாசலில் பெயர்ப் பதிவேட்டுடன் அமர்ந்திருக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே சொல்லுங்கள்.

மேட்டு வீடுகளில் இருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். அடுத்த அறிவிப்பு இரவு 9 மணிக்கு.