மாப்ள, உன் ரெஸ்யூமில் முதலில் மாற்ற வேண்டியவை

மாப்ள, நீ அனுப்பிய ரெஸ்யூமை முழுக்கப் படித்தேன். திங்கட்கிழமை தூத்துக்குடி இறால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றாய். அதற்குள் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. அதனால் எது அவசரமோ அதை முதலில் சொல்கிறேன். கீழே போகப் போக, விட்டாலும் குடி முழுகிப் போகாது.

இதைப் படித்ததும் போன் நம்பரைச் சரிபார். அதில் இருப்பது நீ போன வருஷம் விட்டுவிட்ட பழைய சிம். மற்றதெல்லாம் பிரமாதமாக இருந்து, அவர்கள் கூப்பிடும்போது வேறு யாரோ எடுத்தால் என்ன பிரயோஜனம்?

அடுத்தது வேலை அனுபவம். உன் நேரம் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் தகும். இரண்டாம் பக்கத்தின் அடியில், "தங்கச்சிமடம் ஐஸ் பிளாண்டில் ஆபரேட்டர், 2019 முதல்" என்று ஒரே வரி. ஒரு ரெஃப்ரிஜரேஷன் டெக்னீஷியனைத் தேடுகிறவர் முதல் பக்கத்தில் பார்ப்பது உன் பிறந்த தேதியும் பொழுதுபோக்கும். அவர் பக்கத்தைத் திருப்புவார் என்று நம்பி உட்காராதே. பெயர், போன் நம்பருக்கு அடுத்தபடியாக இது வர வேண்டும்.

அந்த ஒரு வரியும் போதாது. நீ அங்கே என்ன செய்கிறாய் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அமோனியா கம்ப்ரஸரை ஓட்டுகிறாய். பிரஷரையும் பிரைன் டேங்க் வெப்பநிலையையும் மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுதுகிறாய். கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் காட்டி, வெள்ளைப் புகை எழும்புகிறதா என்று பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்கிறாய். இறால் பதப்படுத்தும் கம்பெனிக்காரனுக்கு இதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை. அமோனியாவோடு பழகிய ஆளா என்பதைத்தான் அவன் முதலில் தேடுவான்.

இன்னொன்றை நீ எழுதவே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலமான 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் ஆள் வராது. அந்தச் சமயத்தில்தானே கம்ப்ரஸரைப் பிரித்து வால்வு, ரிங் மாற்றுகிறீர்கள்? கண்டென்சர் குழாயில் படிந்த உப்பைச் சுரண்டுகிறீர்கள், துருப்பிடித்ததை வெட்டி எறிந்து புதுசு வைக்கிறீர்கள். அதை இப்படி எழுது:

"வருடாந்திர மீன்பிடித் தடைக்காலத்தில் கம்ப்ரஸர் ஓவர்ஹால், கண்டென்சர் சுத்தம், குழாய் மாற்றும் பணிகளில் ஃபோர்மேனுடன் சேர்ந்து வேலை செய்தேன்."

ஃபோர்மேன் பெயர் வேண்டாம். ஆனால் "சேர்ந்து" என்ற சொல்லை எடுத்துவிடாதே. தனியாகச் செய்ததாக எழுதினால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். எத்தனை கம்ப்ரஸர், ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸ் என்ற கணக்கை பிளாண்டில் கேட்டு அப்படியே சேர். குத்துமதிப்பாகப் போடாதே.

மூன்றாவது, திறமைகள் என்ற தலைப்பில் "ஹச்ஏசிசிபி" என்று இருக்கிறது. அது உணவுப் பாதுகாப்பு முறை என்பதைத் தாண்டி உனக்கு எதுவும் தெரியாது என்று நீயேதான் போனில் சொன்னாய். எடுத்துவிடு. ஏற்றுமதிக் கம்பெனியில் தினமும் புழங்குகிற விஷயம் அது, கட்டாயம் கேட்பார்கள். "ஹிந்தி சரளமாக" என்பதும் அப்படித்தான், "ஓரளவு பேசுவேன்" போதும்.

நான்காவது, ஐடிஐ 2017-ல் முடிந்தது, வேலை 2019-ல் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் காலம் கண்ணில் படும். நீ சும்மா இருக்கவில்லையே, மாமாவோடு பாம்பனில் படகில் போனாய், இன்ஜின் வேலையும் பார்த்தாய். "குடும்பப் படகில் மீன்பிடி, டீசல் இன்ஜின் பராமரிப்பு" என்று ஒரு வரி போடு. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, மெஷின் தொட்ட கை என்பதுதான் அதில் தெரியும்.

மேலே இருக்கும் அந்த "லட்சியம்" பத்தியைத் தூக்கிவிடு. பிரவுசிங் சென்டரில் எல்லாருக்கும் ஒட்டித் தருகிற அதே வாசகம். ஆதார் எண், மதம், சாதி எதுவும் வேண்டாம். இதையெல்லாம் எடுத்தால் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

கட்டம், கலர், எழுத்து வடிவம் பற்றிக் கேட்டிருந்தாய். நேரம் மிஞ்சினால் பார்க்கலாம். நீல பார்டர் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதற்காக யாரும் உன்னை ஒதுக்கப் போவதில்லை. அனுப்பும்போது மட்டும் பிடிஎஃப் ஆக்கி, கோப்புக்கு உன் பெயரை வை.

ஐடிஐ பகுதி நன்றாக இருக்கிறது, அதில் கை வைக்காதே. டிரேடு, வருஷம், மார்க் எல்லாம் தெளிவாக இருக்கின்றன.

வேலை அனுபவத்தை முதலில் தமிழிலேயே எழுதி சனிக்கிழமை இரவுக்குள் வாட்ஸ்அப்பில் போடு. ஞாயிறு மதியம் நான் வீட்டில்தான் இருப்பேன், இரண்டு பேரும் போனில் உட்கார்ந்து இங்கிலீஷுக்கு மாற்றிவிடலாம்.