எட்டு நிதியாண்டுகளுக்குச் சான்றளிக்கப்பட்ட கணக்கு அறிக்கை கேட்டு விண்ணப்பம்

தஞ்சாவூர்,
06.10.2025

அனுப்புநர்:
கு. செல்வராணி,
மருத்துவக் கல்லூரி சாலை,
தஞ்சாவூர்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
கனரா வங்கி,
தஞ்சாவூர்.

பொருள்: 4417 என முடியும் என் சேமிப்புக் கணக்கின் 01.04.2015 முதல் 31.03.2023 வரையிலான அறிக்கை, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யத்தக்க சான்றிதழ்களுடன் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கிளை சிண்டிகேட் வங்கியாக இருந்த நாளிலிருந்தே எனக்கு இங்கே சேமிப்புக் கணக்கு இருக்கிறது. இந்தக் கடிதத்தின் நகல் வழக்குக் கட்டிலும் சேரும் என்பதால் கணக்கு எண்ணை முழுதாக எழுதவில்லை. இணைத்துள்ள பாஸ்புக் முதல் பக்க நகலில் முழு எண் இருக்கிறது.

என் அம்மா பெயரில் இருந்த வீட்டுக் கடனுக்கான மாதத் தவணை ரூ.11,640, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வாக்கில் இந்தக் கணக்கிலிருந்துதான் போனது. கடன் 2022 ஆகஸ்டில் முடிந்தது. அம்மா மறைந்த பிறகு வீட்டைப் பங்கிடக் கோரி என் அண்ணன் வழக்குப் போட்டிருக்கிறார். தஞ்சாவூர் முதன்மை சார்பு நீதிமன்றத்தில் அசல் வழக்கு எண் 112/2024 ஆக அது நடக்கிறது. தவணை முழுவதும் தானே கட்டியதாக அண்ணன் சொல்கிறார். நான் கட்டியதற்கு உங்கள் ஏட்டில் உள்ள பதிவுகளே சாட்சி. அறிக்கையை அந்த வழக்கில் தாக்கல் செய்வதற்காக மட்டுமே கேட்கிறேன்.

நெட் பேங்கிங்கில் எடுத்த பிரதியை வக்கீலிடம் காட்டினேன். கையெழுத்தும் சான்றும் இல்லாத தாளை எதிர்த்தரப்பு ஏற்காது என்று சொல்லிவிட்டார். அதனால் 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின்படி சான்றிட்ட பிரதி வேண்டும். இவை வங்கியின் வழக்கமான ஏட்டில், வழக்கமான அலுவல் நடைமுறையில் பதியப்பட்டவை, அந்த ஏடு இன்னும் வங்கியின் பொறுப்பில் இருக்கிறது, இது அதன் உண்மை நகல் என்ற வாசகம் கடைசிப் பக்கத்தின் அடியில் வர வேண்டும். அதன் கீழே தேதி, உங்கள் கையெழுத்து, பெயர், பதவி, கிளை முத்திரை இருக்கட்டும்.

இது கம்ப்யூட்டரில் எடுக்கும் அச்சுப் பிரதி என்பதால் அதே சட்டத்தின் 2ஏ பிரிவு கேட்கும் சான்றிதழ்களும் தேவை. அச்சுப் பிரதி பற்றிய சான்று உங்களுடையது. கணினி அமைப்பின் பாதுகாப்பு, அது சரியாக இயங்கியது ஆகியவை பற்றிய சான்றுகளை அந்த அமைப்புக்குப் பொறுப்பான அதிகாரி தர வேண்டும். அவர் வேறு அலுவலகத்தில் இருந்தால் இந்த விண்ணப்பத்தை அங்கே அனுப்பி வாங்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அறிக்கை நிதியாண்டு வாரியாக, தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் தெரியும்படி இருந்தால் போதும். ஆனால் விவரக் குறிப்பு மட்டும் எங்கும் வெட்டுப்படக் கூடாது. நான் எடுத்த பிரதியில் கடன் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் காணாமல் போய், பணம் எந்தக் கடனுக்குப் போனது என்றே தெரியவில்லை. காசோலை எண்களும் வரட்டும். பக்கங்களுக்குத் தொடர் எண்ணும், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் சுருக்கொப்பமும் வேண்டும். நீதிமன்றத்துக்கு ஒன்று, என் கைக்கு ஒன்று என இரண்டு செட் வேண்டும்.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடன் இணைந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுப் பதிவுகள் வேறு வடிவத்தில் இருந்தால் தனியாகவே தரலாம், இரண்டும் ஒரே கணக்குதான் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஏதாவது ஒரு மாதத்தின் பதிவு கிடைக்காமல் போனால், எந்த மாதம் என்பதை எழுத்தில் தாருங்கள். அதையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மாவின் கடன் கணக்கு அறிக்கையை நான் கேட்கவில்லை. அதை நீதிமன்றம் மூலமாக வரவழைக்க வக்கீல் தனியாக மனுப் போடுகிறார்.

அடுத்த வாய்தா 12.11.2025. நடுவில் தீபாவளி வருவதால் அக்டோபர் 31-க்குள் கிடைத்தால் வக்கீலுக்குப் படித்துப் பார்க்க நேரம் இருக்கும். கட்டணத்தையும் ஜி.எஸ்.டி.யையும் இதே கணக்கில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். தயாரானதும் பதிவில் உள்ள கைப்பேசிக்குச் சொன்னால் நானே நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறேன். இந்த விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இட்டுத் தர வேண்டுகிறேன்.

இணைப்பு: பாஸ்புக் முதல் பக்கம், பான் அட்டை, வழக்கு மனுவின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள், என் சுய கையொப்பத்துடன்.

இப்படிக்கு,
கு. செல்வராணி
(கணக்குதாரர்)