மணப்பெண் அலங்கார புக்கிங்: அட்வான்ஸ், டிரையல், கேன்சல் பற்றி

வரும் தை மாதக் கல்யாணங்களிலிருந்து என்னிடம் புக் செய்யும் எல்லாருக்கும் இதுதான் நடைமுறை. ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழையபடியே நடக்கும். அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் மணப்பெண்ணும், பணம் கட்டப்போகிற பெரியவர் ஒருவரும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். அம்மா ஒன்று நினைத்து, பெண் ஒன்று நினைத்து, மண்டபத்தில் வந்து பேசும்படி ஆகிவிடக்கூடாது.

முதலில் ஒன்று. ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு மணப்பெண்தான் எடுப்பேன். அதிகாலை நாலரை மணி முகூர்த்தம் என்றால் நானும் என் உதவியாளரும் இரவு ஒரு மணிக்கே வேலையைத் தொடங்குகிறோம். முகம் ஒன்றரை மணி நேரம், ஜடையும் பூவும் ஒரு மணி நேரம், புடவை கட்டி நகை பூட்ட முக்கால் மணி நேரம். இதற்கு நடுவில் இன்னொரு மண்டபத்துக்கு ஓடினால் இரண்டு பெண்களுக்குமே அரைகுறையாகத்தான் இருக்கும். ஆகவே உங்களுக்கு ஒரு தேதி கொடுத்துவிட்டேன் என்றால், அதே நாளில் கேட்டு வருகிற மற்ற எல்லாரையும் திருப்பி அனுப்புகிறேன். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாண வேலை அநேகமாக இருக்காது. மிச்ச மாதங்களின் முகூர்த்த நாட்களில்தான் எங்கள் வருஷம் ஓடுகிறது. அட்வான்ஸ் என்று நான் வாங்குவது அந்தத் தேதிக்காக.

கட்டணமும் அட்வான்ஸும்

முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து 30,000 ரூபாய். முகூர்த்தம் மட்டும் என்றால் 18,000. இதில் மேக்கப், தலை அலங்காரம், சவுரி, புடவை மடிப்பு எடுத்துக் கட்டுவது, நகை பூட்டுவது, ஒரு டிரையல் எல்லாம் அடங்கும். முகூர்த்தத்தில் கூறைப்புடவை மாற்றும்போதும் கூட இருந்து கட்டிவிடுவேன். அதற்குத் தனியாகக் கேட்பதில்லை.

பூவுக்குத் தனி. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அன்றைக்கு என்ன விலையோ அதுதான். மார்கழி, தைப் பனியில் வரத்துக் குறைந்து மல்லிகை விலை எங்கேயோ போய்விடும் என்பது மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பூ ஜடை வேண்டுமென்றால் நான்கு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டுகிறவரிடம் சொல்லி, வாங்கின ரசீதை உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன்.

மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ். அதாவது 30,000க்கு 10,000, 18,000க்கு 6,000. பணம் வந்து, உங்கள் பெயர், தேதி, மண்டபம் எழுதிய ரசீதை நான் அனுப்பினால்தான் தேதி உங்களுடையது. “அந்தத் தேதியை வெச்சிருங்க அக்கா, நாளைக்கு அனுப்பிடறோம்” என்று சொன்னால் மறுநாள் மாலை ஆறு மணி வரை வைத்திருப்பேன். அதற்கு மேல் யார் முதலில் அட்வான்ஸ் கொடுக்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

இரண்டாவது பங்கு கல்யாணத்துக்கு 15 நாள் முன்பு. மிச்சத்தை அலங்காரத்துக்கு உட்காரும் முன் தந்துவிட வேண்டும். வரவேற்பும் உண்டென்றால் அன்று மாலையிலேயே. இதைக் கறாராகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணின் அப்பா பந்தியைக் கவனிப்பாரா, என்னைக் கவனிப்பாரா? மகளைப் புறப்பட விடுகிற நேரத்தில், கண் கலங்கி நிற்கிற மனிதரிடம் போய் பாக்கிப் பணம் கேட்டு நின்றிருக்கிறேன். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அப்படி இனி யாரிடமும் நிற்க வேண்டாம் என்று நினைக்கிறேன். சித்தப்பாவோ மாமாவோ, பணத்துக்குப் பொறுப்பாக ஒருவரின் பெயரை புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள்.

மதுரை நகருக்குள் வண்டிச் செலவு கிடையாது. திண்டுக்கல், விருதுநகர், காரைக்குடி என்று வெளியூர் போனால் கார் வாடகையும், இரவு தங்க மண்டபத்தில் ஓர் அறையும் உங்கள் பொறுப்பு. அம்மா, அக்கா, நாத்தனாருக்கும் அலங்காரம் வேண்டுமானால் ஆளுக்கு 3,000. மூன்று பேர் வரை எடுப்பேன். அதையும் 15 நாள் முன்பே சொல்ல வேண்டும். அன்று காலையில் “இவளுக்கும் ஒரு டச்சப் போட்டுவிடுங்க” என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தால், தாமதமாவது மணப்பெண்ணுக்குத்தான்.

டிரையல்

புக் செய்தவர்களுக்கு ஒரு டிரையல் மொத்தக் கட்டணத்துக்குள் வந்துவிடும். புக் செய்யாமல் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றாலும் சரி, அதற்கு 2,500. ஏழு நாளுக்குள் புக் செய்தால் அதை மொத்தத்தில் கழித்துக்கொள்வேன். ஆனால் டிரையல் மட்டும் எடுத்தால் தேதி உங்களுக்கு நிற்காது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது டிரையல் முடிந்திருக்க வேண்டும். வார நாட்களில் காலை 10 மணிக்கு, என் வீட்டில். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார வைத்துத்தான் செய்வேன். மண்டபத்து விளக்கு வேறு, வீடியோ எடுப்பவரின் விளக்கு வேறு, காலை ஏழு மணி வெயில் வேறு. வெயிலில் நன்றாகத் தெரிகிற முகம் மற்ற இரண்டிலும் நன்றாகவே தெரியும்.

டிரையலுக்கு இரண்டு நாள் முன்பு ஐந்து நிமிஷம் வந்துபோங்கள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் ஃபவுண்டேஷனும், புருவத்தின் மேல் ஒட்டுகிற பசையும் தடவி அனுப்புவேன். 48 மணி நேரத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பொருளை மாற்றிவிடலாம். தோல் மருத்துவரிடம் மருந்து போட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முகப்பரு மருந்துகள் சில தோலை உரிய வைக்கும். அதன் மேல் மேக்கப் திட்டுத் திட்டாக நிற்கும்.

டிரையலுக்கு வரும்போது முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் வேண்டாம். ஜாக்கெட்டையும் நெற்றிச்சுட்டியையும் கண்டிப்பாக எடுத்து வாருங்கள். போன வருஷம் ஒரு பெண் பாட்டியின் நெற்றிச்சுட்டியைக் கொண்டுவந்தாள். பழைய கெம்புக்கல், நல்ல கனம். வகிட்டில் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் புருவத்துக்குச் சரிந்துவிடும். இரண்டு பக்கமும் கறுப்பு நூல் கட்டி, காதுக்கு மேலே பின்னலுக்குள் விட்டு முடிந்தோம். அப்படியும் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் வகிட்டைச் சற்று முன்னாலிருந்து எடுத்து, அடியில் மெல்லிய சவுரித் துண்டு ஒன்று வைத்ததும்தான் நின்றது. நாற்பது நிமிஷம் ஆனது. அதே வேலையை முகூர்த்தத்தன்று இரவு மூன்று மணிக்குக் கண்டுபிடிக்க முடியாது. டிரையல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

டிரையலுக்கு மணப்பெண்ணோடு ஒருவர் வந்தால் போதும். நான்கு பேர் வந்து நான்கு விதமாகச் சொன்னால் பெண் தனக்கு எது பிடிக்கிறது என்று வாயே திறக்க மாட்டாள். இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். “இரண்டு ஷேடு வெளுப்பா காட்டுங்க” என்று கேட்டால் நான் செய்ய மாட்டேன். கழுத்துக்கும் கைக்கும் ஒட்டாத முகத்தோடு ஒரு பெண்ணை மணவறைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. மாநிறமோ கறுப்போ, அந்த நிறத்துக்கே உரிய களை ஒன்று உண்டு. அதை எடுத்துக் காட்டுவதுதான் என் வேலை.

முடிந்ததும் போட்டோ எடுத்து, என்னென்ன பொருள் போட்டேன் என்று எழுதி இருவரும் வைத்துக்கொள்வோம். உடனே கழுவிவிடாமல் அப்படியே நான்கு மணி நேரம் வீட்டில் இருந்து பாருங்கள். அடுப்படியில் கொஞ்சம் நில்லுங்கள். ஹோமப்புகையிலும் வேர்வையிலும் நிற்குமா என்று அதில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் மூன்று நாளுக்குள் தயங்காமல் சொல்லுங்கள். டிரையலுக்கான 2,500 போக மிச்ச அட்வான்ஸை ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுவேன். பிடிக்காமல் வந்து உட்காருகிற பெண்ணுக்கு நானும் சந்தோஷமாக அலங்காரம் செய்ய முடியாது.

ஒரு வேண்டுகோள்: கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் புதிதாக எந்த ஃபேஷியலும் பிளீச்சும் வேண்டாம். முதல் நாள் யாரோ சொன்னார்கள் என்று பிளீச் போட்டுக்கொண்டு, கன்னம் இரண்டும் சிவந்து எரிய உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஐஸ் ஒற்றியே அரை மணி நேரம் போனது. எரிச்சலில் அவள் கண்ணில் நீர் நிற்கவில்லை. பாவமாக இருந்தது.

தேதி மாறினால், கேன்சல் ஆனால்

கல்யாணத்துக்கு 90 நாளுக்கு முன்பே சொன்னால் 2,000 போக மிச்ச அட்வான்ஸ் திரும்ப வரும். 90 நாளுக்குள், 30 நாளுக்கு முன் சொன்னால் பாதி. 30 நாளுக்குள் என்றால் அட்வான்ஸ் திரும்பாது. ஆனால் அதற்கு மேல் கட்டிய பணம் முழுவதையும் கொடுத்துவிடுவேன். நாள் கணக்கு, நீங்கள் எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து.

தேதி மட்டும் மாறுகிறது என்றால் ஒரு முறை கட்டணமில்லாமல் மாற்றித் தருவேன். புதுத் தேதியில் நான் காலியாக இருக்க வேண்டும், 30 நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்கு ஒரு போன் செய்தால் இரண்டு தேதியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் துக்கம் நடந்து கல்யாணம் தள்ளிப்போனால் மேலே சொன்ன நாள் கணக்கு எதுவும் கிடையாது. முந்தின நாள் சொன்னாலும் சரி. அட்வான்ஸ் முழுசாக ஒரு வருஷம் உங்கள் பெயரில் இருக்கும். மணமக்களில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தாலும், 2020இல் ஊரடங்கு வந்ததுபோல் அரசு உத்தரவால் நின்றாலும் இதேதான். அந்த வருஷம் எத்தனையோ குடும்பங்கள் தேதியை மூன்று தடவை மாற்றின. அப்போது பட்ட கஷ்டத்தில்தான் இதை எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது.

சம்பந்தமே முறிந்துபோனால், எந்த நாளாக இருந்தாலும் பாதி அட்வான்ஸைத் திருப்பித் தருவேன். காரணம் கேட்க மாட்டேன், வெளியே பேசவும் மாட்டேன். ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

தயவுசெய்து சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு, வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டு என் போனை எடுக்காமலே இருந்த ஒரு குடும்பத்தை நம்பி, இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெட்டியைக் கட்டி வைத்து உட்கார்ந்திருந்தேன். என் உதவியாளருக்கும் அன்றைய கூலி போனது. 15 நாள் முன்பு கட்டவேண்டிய பணம் வராமல், மூன்று நாள் போனும் எடுக்கவில்லை என்றால், இனி அந்த புக்கிங்கை கேன்சல் என்றே எடுத்துக்கொள்வேன். அதற்கு முன் எழுத்தில் ஒரு தடவை தெரிவிப்பேன்.

என் பக்கத்தில் தவறினால்? எனக்கு உடம்பு முடியாமல் போனால், என்னோடு ஆறு வருஷமாக வேலை செய்யும் உதவியாளர் வருவார். உங்கள் டிரையல் குறிப்பு அவரிடமும் இருக்கும். அவர் வேண்டாம் என்றால், கட்டிய பணம் அத்தனையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேறு ஆள் பார்க்கவும் உதவுவேன். அலங்காரம் முடிய என்னால் தாமதமாகி முகூர்த்த நேரம் இடித்தால் கடைசிப் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பெண்ணை நாங்கள் சொன்ன நேரத்துக்கு எழுப்பி, குளிக்கவைத்து, ஏதாவது சாப்பிடக் கொடுத்து உட்கார வைப்பது வீட்டாரின் பொறுப்பு. இரண்டு இட்லியாவது கொடுங்கள். தாலி ஏறும் வரை அவளுக்கு வேறு எதுவும் கிடைக்காது.

போட்டோ போடுவது பற்றி: உங்கள் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியே போட மாட்டேன். வேண்டாம் என்று சொல்வதால் கட்டணம் மாறாது.

புக் செய்ய, மணப்பெண் பெயர், வரவேற்பு நாளும் நேரமும், முகூர்த்த நேரம், மண்டபம், அந்த மண்டபத்தில் ஏசி உண்டா இல்லையா, பணத்துக்குப் பொறுப்பானவர் பெயர், இவற்றை வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்புங்கள். பத்திரிகை அடித்திருந்தால் அதன் படம் போதும். காலை 11 மணி முதல் இரவு 8 மணி வரை பதில் சொல்வேன். முகூர்த்த நாட்களில் மட்டும் மாலைக்கு மேல்தான் போனைப் பார்க்க முடியும்.