ஊட்டியிலிருந்து கலாவுக்கு நாலு அஞ்சலட்டை

(1)

உதகமண்டலம்
8.2.2025, சனி இரவு

அடியே கலா,

சௌக்கியமா? வந்து சேர்ந்தாச்சு! குளிரில் விரல் விறைக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நேற்று ராத்திரி சென்னையில் ரயில் ஏறி, விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து மலை ரயில். ஜன்னலோரம் என் நாத்தனாருக்குப் போய்விட்டது. அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தே வந்தேன், கழுத்து வலிக்கிறது. ஆனாலும் இப்படி ஒரு பயணம் போனதில்லை. பேரன் ராத்திரியில் தூங்க விடுகிறானா? நீயும் வருவதாக இருந்த ரயில் இது. அவன் பிறந்தாலும் பிறந்தான், சரியான நேரம் பார்த்தான்!

காலை 7.10க்குக் கிளம்பிய வண்டி, கல்லாறு வரை பாக்குத்தோப்புக்கு நடுவே சமர்த்தாக ஓடியது. அப்புறம்தான் விஷயமே. இடம் தீர்ந்தது, அடுத்த அட்டைக்கு வா.

(2)

இது முழுக்க அண்ணனுக்கு. சத்தமாகப் படித்துக் காட்டு. பொன்மலைப் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்த மனுஷர், தலையாட்டிக்கொண்டே கேட்பார்.

எஞ்சின் முன்னால் இழுக்கவில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஒன்று போகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரம் என்கிற அளவுக்கு ஏற்றம். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்காரர் கொடியோடு நிற்கிறார். எஞ்சின் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இது உங்க திருச்சி பொன்மலையில செஞ்சதும்மா" என்றார். சுவிட்சர்லாந்தில் செய்த பழைய எஞ்சின்கள் ஓய்ந்துபோக, இவற்றைப் பொன்மலையிலேயே செய்தார்களாமே? அண்ணன் கை பட்டிருக்குமா? கேட்டு எழுது. நீராவி முதலில் ஒரு ஜோடி சிலிண்டரில் வேலை செய்துவிட்டு, மிச்ச அழுத்தத்தோடு பற்சக்கரத்தைச் சுற்றும் ஜோடிக்குப் போகிறதாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அவர்தான் விளக்க வேண்டும்.

(3)

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. நாங்கள் டீ குடிக்க இறங்கினோம். குரங்குகள் எங்களை வடையோடு எதிர்பார்த்துக் காத்திருந்தன. நாத்தனார் கையிலிருந்த பொட்டலம் ஒரே நொடியில் போயிற்று. அவள் அதன் பின்னால் ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும்! எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விரட்டிய அதே வேகம்.

மொத்தம் 16 குகைப்பாதை. ஒவ்வொன்றிலும் பெட்டியில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் கூடிக் கத்தினார்கள். மூன்றாவதிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். அறுபது தாண்டினால் என்ன? பாலங்களை எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன், 250 என்றார்கள். குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கியது, ஊட்டிக்கு 1908இல்தான் வந்ததாம். குன்னூரில் டீசல் எஞ்சின் மாட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் கேத்தி, லவ்டேல் எல்லாம் அழகுதான், ஆனால் அந்தப் புகையும் பெருமூச்சும் இல்லாமல் ஏதோ குறைகிறது. 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! பஸ்ஸில் வந்திருந்தால் சீக்கிரம் வந்திருப்போம், ஒன்றும் பார்த்திருக்க மாட்டோம்.

(4)

ஊரைப் பற்றி எழுத இதுதான் கடைசி அட்டை. மத்தியானம் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் போனோம். உள்ளே பெரிய பெரிய மர உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்தவை. திப்பு பாடத்தை நீ வருஷா வருஷம் நடத்தினாயே, இந்த விஷயத்தைச் சொன்னதே இல்லையேடி! தோடர் எம்பிராய்டரி சால்வை ஒன்று பார்த்தேன். வெள்ளையில் சிவப்பும் கறுப்பும், முழுக்கக் கையால் போட்டது. விலை கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்ததோடு வைத்துவிட்டேன். தாவரவியல் பூங்கா நாளைக்கு. மழை இல்லை, ஆனால் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி படிந்திருக்குமாம், ஐந்து மணிக்கு எழுப்பச் சொல்லி நாத்தனார் உத்தரவு போட்டிருக்கிறாள்.

வர்க்கி உனக்கு இரண்டு பாக்கெட் வாங்கிவிட்டேன். வரும்போது திருச்சியில் இறங்கி நானே கொடுக்கிறேன், பார்சலில் போட்டால் தூளாகிவிடும். பேரனையும் பார்த்த மாதிரி ஆச்சு. இந்த நாலு அட்டையும் ஒரே நாளில் வந்து சேரும் என்று நம்பாதே, மூலையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வரிசையாகப் படி.

அன்புடன்,
சுமதி

பி.கு.: தபால்காரர் எப்படியும் படித்திருப்பார். அவருக்கும் வணக்கம்.