நூலக விழா நோட்டீஸ்: பிழைகளும் திருத்தமும்

தம்பி,

நோட்டீஸ் படம் கிடைத்தது. தாளை மடித்த இடத்தில் நிழல் விழுந்திருக்கிறது; கடைசி வரியில் ‘அனைவருக்கும்’ மேல் உன் கட்டைவிரல். பெரிதாக்கிப் பார்த்துத்தான் படித்தேன். நான் படித்தது சரிதானா என்று முதலில் உன் தாளோடு ஒப்பிட்டுக்கொள்:

“நமது ஊர் நூலகத்தின் பொன்விழா வருகின்ற ஞாயிற்றுகிழமை காலை பத்து மணிக்கு நடைப்பெற உள்ளது. விழாவிற்க்கு வருகை தரும் ஒவ்வொரு வாசகர்களுக்கும் ஓர் புத்தகம் பரிசாக கொடுக்கப்படும். பழைய புத்தகங்களை சேகரித்து வைத்திருப்பவர்கள் அதை நூலகத்திற்கு கொடுத்து உதவலாம். மாணவர்கள் வரைந்தப் படங்கள் சுவற்றில் மாட்டப்பட்டுள்ளது. முயற்ச்சி எடுத்த அனைவருக்கும் வாழ்த்துக்கள்.”

அச்சுக்குக் கொடுக்க வேண்டியது இது:

“நமது ஊர் நூலகத்தின் பொன்விழா வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடைபெற உள்ளது. விழாவிற்கு வருகை தரும் ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் பரிசாகக் கொடுக்கப்படும். பழைய புத்தகங்களைச் சேகரித்து வைத்திருப்பவர்கள் அவற்றை நூலகத்திற்குக் கொடுத்து உதவலாம். மாணவர்கள் வரைந்த படங்கள் சுவரில் மாட்டப்பட்டுள்ளன. முயற்சி எடுத்த அனைவருக்கும் வாழ்த்துகள்.”

இனி, ஏன் மாற்றினேன் என்பது. விழாக் குழுவில் யாராவது கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒற்று விட்டுப்போன இடங்கள் நான்கு. ‘புத்தகங்களைச் சேகரித்து’: ‘ஐ’ உருபு வெளிப்படையாக நிற்கிறது, அடுத்து வருவது ‘சே’, ஆகவே ‘ச்’ மிகும். ‘நூலகத்திற்குக் கொடுத்து’: ‘கு’ உருபுக்கும் அதே கதைதான். ‘ஆக’வுக்குப் பின்னும் மிகும் என்பதால் ‘பரிசாகக் கொடுக்கப்படும்’. ‘ஞாயிற்றுக்கிழமை’யில் மட்டும் காரணம் வேறு. ‘ஞாயிற்று’ என்பதில் கடைசி ‘று’வுக்கு முன்னால் ‘ற்’ என்ற வல்லின மெய் இருக்கிறது. இது வன்றொடர்க் குற்றியலுகரம். இதை அடுத்து வல்லினம் மிகும். வியாழக்கிழமையைச் சரியாக எழுதுகிறவர்கள்கூட ஞாயிற்றில் கோட்டைவிடுகிறார்கள்.

‘காலை’யும் ஐயில்தானே முடிகிறது, ‘காலைப் பத்து மணி’ என்று எழுதவா என்று கேட்பாய். வேண்டாம். அந்த ‘ஐ’ வேற்றுமை உருபு இல்லை, சொல்லிலேயே உள்ளது. ‘காலைப்பொழுது’ என்பதில் ‘ப்’ வருவது வேறு கணக்கு: காலையாகிய பொழுது, இரண்டு பெயரும் ஒன்றையே குறிக்கின்றன.

விட்டுப்போனதைவிட, வேண்டாத இடத்தில் ஏறிய ஒற்றுதான் என் கண்ணை அதிகம் உறுத்தியது. ‘நடைபெற’ என்பதை ‘நடையைப் பெற’ என்று விரிக்கலாம். ‘ஐ’ மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் பொதுவாக வல்லினம் மிகாது. ‘கதை சொன்னான்’ என்பதைக் ‘கதைச் சொன்னான்’ என்று நீ எழுதமாட்டாய் அல்லவா, அதுபோலத்தான். உருபு வெளியே வந்து ‘கதையைச் சொன்னான்’ என்றானால் ‘ச்’சும் வந்துவிடும்.

‘வரைந்த’ பெயரெச்சம். அதன் பின் மிகாது: வந்த பையன், படித்த கதை, வரைந்த படம். ‘ஓடாக் குதிரை’ மாதிரி ஈறுகெட்ட எதிர்மறை வந்தால்தான் மிகும்.

‘விழாவிற்க்கு’, ‘முயற்ச்சி’ இரண்டுக்கும் ஒரே மருந்து. ‘ற்’ வந்த பிறகு இன்னொரு மெய்யெழுத்து உடனே வராது. வாய்ப்பு, பார்ப்போம், வாழ்க்கை என்று ய், ர், ழ் மூன்றின் பின்னும் வருவதைப் பார்த்துப் பழகிய கை, ‘ற்’ பக்கமும் போய்விடுகிறது.

அப்புறம், சந்தி இல்லாத பிழைகள். ‘ஒவ்வொரு’ என்றால் அடுத்து ஒருமை. பன்மைதான் வேண்டும் என்றால் ‘வாசகர்கள் ஒவ்வொருவருக்கும்’ என்று எழுதலாம். ‘ஓர்’ உயிரெழுத்துக்கு முன்: ஓர் ஊர், ஆனால் ஒரு புத்தகம். புத்தகங்கள் பல, அதனால் ‘அதை’ பொருந்தாது, ‘அவற்றை’. படங்களும் பல, ‘மாட்டப்பட்டுள்ளது’ என்றிருந்ததை ‘மாட்டப்பட்டுள்ளன’ என்று மாற்றினேன். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் ‘சுவற்றில்’ வந்ததில் பன்மை மறந்துபோயிருக்கும்.

அந்தச் ‘சுவற்றில்’ பற்றியும் சொல்ல வேண்டும். கிணறு ‘கிணற்றில்’ ஆகிறது, ஆறு ‘ஆற்றில்’ ஆகிறது. இவை ‘று’வில் முடிகின்றன. சுவர் ‘ர்’ரில் முடிகிறது, எனவே சுவரில். பேச்சில் ‘செவுத்துல’ என்கிறோம், அதற்கு எழுத்துச் சட்டை மாட்டப்போய்த்தான் ‘சுவற்றில்’ வந்தது.

‘வாழ்த்துக்கள்’ என்பதைப் பிழை என்று அடித்துச் சொல்லமாட்டேன். வன்றொடர்க் குற்றியலுகரம்தானே, மிகலாம் என்பவர்களும் உண்டு. ‘கள்’ வெறும் விகுதி, மிக வேண்டியதில்லை என்பவர்களும் உண்டு. நான் ‘வாழ்த்துகள்’ பக்கம். குழுத் தலைவர் க் வேண்டும் என்றால் விட்டுக்கொடு, அதற்காகச் சண்டை வேண்டாம். சுவரில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

‘கொடுக்கப்படும்’ என்பதில் பிழை இல்லை. ஆனாலும் ‘கொடுப்போம்’ என்றால் ஊர்க்காரர்கள் கூப்பிடுவது போல இருக்கும். அது உன் விருப்பம்.

அச்சகத்தில் ப்ரூஃப் எடுத்ததும் படம் அனுப்பு, எத்தனை மணியானாலும் பார்க்கிறேன். இந்த முறை விரலைக் கொஞ்சம் ஓரமாக வை.