முடக்கப்பட்ட விற்பனையாளர் கணக்கு: மேல்முறையீடு

பெறுநர்: விற்பனையாளர் மேல்முறையீட்டுப் பிரிவு
பொருள்: 'போலிப் பொருள்' விதிமீறல் என்று 2025 நவம்பர் 14 அன்று கணக்கை நிறுத்தியது பற்றி

வணக்கம்.

உங்கள் விற்பனையாளர் பக்கம் தமிழிலும் வருவதால் தமிழிலேயே எழுதுகிறேன். தாராவியில் எங்களுக்குத் தோல் பட்டறை இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. உங்கள் தளத்தில் நாங்கள் விற்பது ஆண்களுக்கான இரண்டு மடிப்பு பர்ஸ், பழுப்பிலும் கறுப்பிலும். வேறு எந்த பிராண்டின் பெயரும் முத்திரையும் அதில் கிடையாது. ஆகவே 'போலி' என்று நீங்கள் சொல்வது தோலைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நோட்டீஸில் அதைத் தெளிவாக எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புகார் தந்த மூவரில் முதலாமவர், "இது தோல் இல்லை, ரெக்சின்" என்று எழுதி, மேல்புறம் பளபளவென்று இருக்கும் படத்தைப் போட்டிருக்கிறார். அந்தப் பளபளப்பு உண்மைதான். நாங்கள் போடுவது எருமைத் தோல். மாடு வேலியில் உரசிய கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் தோலில் இருக்கும். தோல் ஷாப்பில் மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, அதன் மேல் நிறப்பூச்சு கொடுப்பார்கள். தொழிலில் இதற்குக் கரெக்டட் கிரெய்ன் என்று பெயர். விலை குறைந்த ரகம்தான், ஆனால் தோல். மேலே தடவிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, வெட்டிப் பார்க்க வேண்டும். ரெக்சினை வெட்டினால் பூச்சுக்கு அடியில் துணி நெசவு தெரியும். தோலை வெட்டினால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்கும் நார்தான் தெரியும், இழையாகப் பிரிக்க வராது. அதே ரகத்தில் ஒரு பர்ஸை நடுவில் வெட்டி, வெட்டுமுகத்தை நெருக்கத்தில் எடுத்த மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

எங்கள் படத்தை நம்ப வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பிவண்டியில் உங்கள் கிடங்கில் எங்கள் சரக்கு 190 உருப்படி கிடக்கிறது. அதிலிருந்து நீங்களே இரண்டை எடுத்து, சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சோதனைக்கு அனுப்புங்கள். கட்டணத்தை நான் தருகிறேன். நாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினோம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

இரண்டாவது புகார் ஓரத்தில் நிறம் உரிந்தது பற்றியது. அது பூச்சின் தரம் சம்பந்தப்பட்டது. அவருக்குப் பணத்தைத் திருப்பிவிட்டோம். அதைப் போலிப் பொருள் கணக்கில் சேர்க்க முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திரும்பி வந்த பர்ஸில் சில்லறை போட ஜிப் வைத்த அறை இருக்கிறது. எங்கள் பர்ஸ் எதிலும் ஜிப்பே கிடையாது, விற்பனைப் பக்கத்தில் உள்ள ஐந்து படங்களையும் பாருங்கள். யாரோ பழைய பர்ஸை உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பார்சலைப் பிரித்த வீடியோவை அன்றே ஏற்றினேன். இப்போது மறுபடியும் இணைக்கிறேன்.

கொள்முதல் ஆவணங்கள்: ராணிப்பேட்டை தோல் ஷாப்பின் ஜிஎஸ்டி பில்கள் இரண்டு, மொத்தம் 1,200 சதுர அடி. சேதாரம் சேர்த்து ஒரு பர்ஸுக்கு ஒன்றேகால் சதுர அடி போகும். அப்படிப் பார்த்தால் 960 பர்ஸ். உங்கள் தளத்தில் விற்றது 710, உங்கள் கிடங்கில் 190, பட்டறையில் 60. பில்லுக்கும் விற்பனைக்கும் கணக்கு நேராக வருகிறது. பில்லில் உள்ள பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் என் கணக்கில் உள்ளவையேதான். விலையை மட்டும் மறைத்திருக்கிறேன், மற்றது எதையும் தொடவில்லை.

இனி வாங்குபவர் குழம்பாமல் இருக்க, விவரத்தில் 'அசல் தோல்' என்று மட்டும் போடாமல், 'எருமைத் தோல், மேலே நிறப்பூச்சு உண்டு' என்று எழுதிக் கொடுக்கிறேன். கணக்கு பூட்டியிருப்பதால் நானே மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு பர்ஸுடனும் பூச்சில்லாத தோல் துண்டு ஒன்று வைக்கவும் ஆரம்பித்துவிட்டோம். ஓரப் பூச்சை இப்போது இரண்டு கை அடிக்கிறோம். பேக்கிங்கை வீடியோ எடுத்து வைக்கிறோம்.

கணக்கைத் திறந்து, நிறுத்தி வைத்துள்ள பணத்தை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், மூன்றில் எந்தப் புகாருக்கு, எந்த ஆவணம் போதவில்லை என்று எழுதுங்கள். "மேலும் விவரம் தேவை" என்ற அதே பதில் முன்பும் வந்தது, அதை வைத்து நான் எதை அனுப்புவது? முடிவு வரும்வரை கிடங்கு வாடகையையும் நிறுத்தி வையுங்கள். விற்க விடாமல் வாடகை மட்டும் ஏறுவது நியாயமில்லை.

பட்டறையில் மெஷின் சத்தம் அதிகம். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் கூப்பிட்டால் நிதானமாகப் பேசலாம், தமிழோ இந்தியோ எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
மு. செல்வராணி
கணக்கு உரிமையாளர், தாராவி, மும்பை
2025 நவம்பர் 24